97 லிட்டர் விற்ற வாரம்: ஒரு எண்ணெய்க் கடையின் தள்ளுபடியும் அதன் லாபக் கணக்கும்

பின்னணி

ஈரோடு மாவட்டத்தில் ஒரு சிறு நகரம். கடைவீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, பத்துக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கடை. மரச்செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, சிறுதானியம் விற்கிறார்கள். கணவனும் மனைவியும் பார்த்துக்கொள்கிறார்கள். மாலையில் கல்லூரி படிக்கும் மகன் கல்லாவில் உட்காருவான். நான் இந்த ஊரில் சில சிறு கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பவன். கடைக்காரரை அண்ணா என்பேன், அவர் மனைவியை அக்கா என்பேன். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயர்களையும் ஊரையும் மட்டும் விட்டுவிட்டேன்.

கடையில் அதிகம் ஓடுவது ஒரு லிட்டர் கடலை எண்ணெய் பாட்டில். 2024 ஜூலையில் அதன் விலை 300 ரூபாய். செக்கிலிருந்து வாங்கி, பாட்டிலில் அடைத்து, லேபிள் ஒட்டி அலமாரிக்கு வரும்போது அடக்கம் 220 ஆகிவிடும். ஆக ஒரு பாட்டிலுக்கு 80 ரூபாய் நிற்கும். அரை லிட்டர் பாட்டிலும் உண்டு: விலை 155, அடக்கம் 113, லாபம் 42.

அந்த ஜூன் கடைசியில் பேருந்து நிலையம் பக்கம் ஒரு பெரிய மளிகைக் கடை திறந்தார்கள். வாசலிலேயே ரீஃபைண்டு எண்ணெய்க்குச் சலுகைப் பலகை. அண்ணனுக்குக் கொஞ்சம் கலக்கமாகிவிட்டது. ஜூலை 1 முதல் 7 வரை ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு 30 ரூபாய் தள்ளுபடி என்று 450 ரூபாய் செலவில் ஃபிளெக்ஸ் அடித்துக் கட்டினார். 300 ரூபாய் பாட்டில் 270 ஆயிற்று.

8-ஆம் தேதி காலையில் எனக்குப் போன் வந்தது. "தம்பி, வாரம் அம்பது போற எடத்துல தொண்ணூத்தேழு போயிருக்குதுங்க. ஆடி பதினெட்டுக்கும் இதையே போட்டுடலாமுங்களா?" குரலில் அவ்வளவு சந்தோஷம். கணக்கைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அந்தப் பார்வை முடிய மூன்று மாதம் ஆகும் என்று அப்போது தெரியாது.

விற்பனையை எண்ணிய விதம்

விலை ஒரு சதவீதம் மாறினால் விற்பனை எத்தனை சதவீதம் மாறுகிறது என்பதுதான் விலை நெகிழ்ச்சி. எத்தனை விற்றது என்று உறுதியாகத் தெரியாமல் அதைப் பற்றிப் பேச முடியாது. கடையில் கணினி பில் இல்லை. கார்பன் வைத்த பில் புத்தகம்தான். அதில் "க.எ 1லி" என்று எழுதியிருப்பார்கள். பில்களை எண்ணியபோது அந்த வாரத்துக்கு 94 தான் வந்தது, 97 வரவில்லை.

அக்காவிடம் ஒரு இருப்பு நோட்டு இருக்கிறது. ஞாயிறு இரவு அலமாரியில் உள்ள பாட்டில்களை எண்ணி எழுதி வைப்பார். தொடக்க இருப்பு 74, நான்காம் நாள் செக்கிலிருந்து வந்தது 60, ஏழாம் நாள் இரவு மீதி 37. 74-உம் 60-உம் 134, அதில் 37 போனால் 97. மீதி மூன்று பாட்டில் எங்கே என்று தேடினால், மாலை நேரத்தில் தெரிந்தவர்கள் எடுத்துப்போனது, மகன் பில் போடாமல் கடன் நோட்டில் எழுதியிருக்கிறான். பில், கடன் நோட்டு, இருப்பு மூன்றும் ஒத்துப்போன பிறகுதான் 97 என்ற எண்ணை ஏற்றுக்கொண்டேன். வாரத்தின் நடுவில் சரக்கு தீரவில்லை என்பதும் இதிலேயே உறுதியானது. சரக்கு தீர்ந்திருந்தால் 97 என்பது கேட்டவர்களின் அளவாக இராது, இருப்பின் அளவாகப் போயிருக்கும்.

இதே முறையில் மார்ச் முதல் ஜூன் வரை நான்கு மாதங்களை எடுத்தோம். ஒவ்வொரு மாதத்தையும் 1–7, 8–14, 15–21, 22–28 என்று நான்கு வாரமாகப் பிரித்தேன். 29-க்கு மேல் வரும் நாட்களை விட்டுவிட்டேன், இல்லையென்றால் மாதத்துக்கு மாதம் நாள் கணக்கு மாறிவிடும். இப்படிப் பிரித்தால் எந்த வாரத்திலும் ஒரு சனி, ஒரு ஞாயிறு வந்துவிடும், அதுவும் ஒரு வசதி.

முதல் கணக்கு

அண்ணன் மனதில் இருந்த கணக்கு இதுதான். நான்கு மாத சராசரியில் வாரத்துக்கு 50 லிட்டர். வழக்கமான வாரத்தில் 50 × 80 = 4,000 ரூபாய் லாபம். தள்ளுபடி வாரத்தில் பாட்டிலுக்கு 50 ரூபாய்தான் நின்றது, ஆனால் 97 × 50 = 4,850. அதாவது 850 ரூபாய் கூடுதல். ஃபிளெக்ஸ் செலவைக் கழித்தாலும் 400 ரூபாய் மிச்சம்.

நெகிழ்ச்சியாகச் சொன்னால், விலை 10 சதவீதம் இறங்கியபோது விற்பனை 94 சதவீதம் ஏறியிருக்கிறது. 94-ஐ 10-ஆல் வகுத்தால் 9.4. (விலை இறங்கினால் விற்பனை ஏறுவதால் இதற்கு முன்னால் கழித்தல் குறி வர வேண்டும். படிக்க எளிதாக இருக்கட்டும் என்று அதை விட்டே எழுதுகிறேன்.)

இந்த 9.4 பெரியதா, சிறியதா? அதைத் தனியாகப் பார்த்துச் சொல்ல முடியாது. ஒரு கோடு வேண்டும். அந்தக் கோட்டை லாப விகிதம்தான் போடுகிறது. பாட்டிலுக்கு 80 நின்ற இடத்தில் 50 நிற்கிறது என்றால், பழைய லாபத்தையே எடுக்க 80 ÷ 50 = 1.6 மடங்கு விற்க வேண்டும், அதாவது 60 சதவீதம் கூடுதலாக. 10 சதவீத விலைக் குறைப்புக்கு 60 சதவீத விற்பனை உயர்வு என்றால் நெகிழ்ச்சி 6. அதற்கு மேல் போனால் லாபம், கீழே நின்றால் நஷ்டம். பொருளாதாரப் பாடத்தில் நெகிழ்ச்சி 1-ஐத் தாண்டினால் விலையைக் குறைக்கலாம் என்று படித்த நினைவு பலருக்கு இருக்கும். அது மொத்த வசூலுக்கான கோடு. கல்லாவில் விழும் பணம் கூடும் என்று மட்டுமே அது சொல்கிறது. லாபத்துக்கான கோடு சரக்கின் அடக்கத்தைப் பொறுத்தது, இந்தக் கடையில் அது 6.

9.4 என்பது 6-க்கு மேல்தான். அண்ணன் சந்தோஷப்பட்டதில் தப்பில்லை. ஆனால் 50 என்ற அடிப்படை எண் எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

முதல் வாரம் மற்ற வாரம் மாதிரி இல்லை

300 ரூபாய் கொடுத்துக் கடலை எண்ணெய் வாங்குகிறவர்கள் இந்த ஊரில் பெரும்பாலும் மாதச் சம்பளக்காரர்கள். ஆசிரியர்கள், வங்கியில் இருப்பவர்கள், அரசு அலுவலர்கள். அவர்கள் முதல் வாரத்தில்தான் மாதச் சாமான் வாங்குவார்கள். நான்கு மாதத்து முதல் வார விற்பனை 58, 66, 61, 63. சராசரி 62. தள்ளுபடியே இல்லாவிட்டாலும் ஜூலை முதல் வாரத்தில் 62 பாட்டில் போயிருக்கும். அதை 50-ஓடு ஒப்பிட்டதால் சம்பள நாளின் விற்பனையும் தள்ளுபடியின் பெயரில் வந்து சேர்ந்துவிட்டது.

62-ஐ அடிப்படையாக வைத்தால் கூடுதல் 35 பாட்டில், 56 சதவீதம். நெகிழ்ச்சி 5.6. லாபம்: வழக்கப்படி 62 × 80 = 4,960, தள்ளுபடி வாரத்தில் 4,850. 850 ரூபாய் லாபம் 110 ரூபாய் நஷ்டமாக மாறிவிட்டது.

உடனே இதைப் பெரிதாகப் பேசவும் நான் விரும்பவில்லை. அடிப்படை எண்ணே 58-க்கும் 66-க்கும் இடையே ஆடுகிறது. 58 என்று வைத்தால் நெகிழ்ச்சி 6.7, 66 என்று வைத்தால் 4.7. நம் கோடான 6 இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது. நான்கே நான்கு முதல் வாரங்களை வைத்துக்கொண்டு, அந்த ஒரு வாரம் லாபமா நஷ்டமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. சின்னக் கடையின் கணக்கில் இது எப்போதும் வரும் தடை. அண்ணனிடம் அப்படியே சொன்னேன்: "இந்த வாரத்த மட்டும் வெச்சு ஒன்னும் சொல்ல முடியாதுங்கண்ணா. இன்னும் மூணு வாரம் பாக்கலாம். அதுவரைக்கும் அடுத்த ஃபிளெக்ஸ் அடிக்க வேண்டாம்." அவருக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் பொறுத்துக்கொண்டார்.

பில்லில் தெரிந்தது

காத்திருந்த நாட்களில் தள்ளுபடி வாரத்தின் பில்களை ஒவ்வொன்றாகப் புரட்டினேன். வழக்கமான முதல் வாரத்தில் 62 பாட்டில் ஏறக்குறைய 55 பில்லில் போகும், பெரும்பாலும் ஆளுக்கு ஒன்று. ஜூலை முதல் வாரத்தில் கடன் நோட்டையும் சேர்த்து 63 பில். ஆட்கள் எட்டுப் பேர்தான் கூடியிருக்கிறார்கள், பாட்டில் 35 கூடியிருக்கிறது. 37 பில்லில் ஒவ்வொரு பாட்டில், 20 பில்லில் இரண்டிரண்டு, ஐந்து பில்லில் மும்மூன்று. ஒரு பில்லில் ஐந்து. அது பள்ளிக்கூடத்துக்கு எதிரே இட்லிக் கடை போட்டிருக்கும் அம்மா.

வாங்கினவர்கள் அதிகமாகச் சாப்பிடத் தொடங்கிவிட்டார்களா, அல்லது அடுத்த மாத எண்ணெயை இப்போதே எடுத்து வைத்துவிட்டார்களா? விலை நெகிழ்ச்சி கணக்கில் இந்த ஒரு கேள்விதான் தீர்மானமானது. எண்ணெய் சீக்கிரம் கெடாது. நான்கு பேர் உள்ள வீட்டில் ஒரு லிட்டர் மூன்று வாரம் வரும். இரண்டாவது பாட்டிலை அலமாரியில் வைத்துவிட்டால் ஆறு வாரம் கடைப்பக்கம் வரத் தேவையில்லை. பால், இட்லி மாவு, கீரை போன்றவற்றில் இந்தச் சிக்கல் குறைவு, வாங்கினால் ஓரிரு நாளில் தீர வேண்டும். எண்ணெய், சோப்பு, பருப்பு இவற்றுக்குத் தள்ளுபடி போட்டால் அந்த வார விற்பனை சொல்வதை முழுதாக நம்பக்கூடாது.

ஜூலை 18 மாலை கடையில் உட்கார்ந்திருந்தேன். வாடிக்கையாக வரும் ஆசிரியை ஒருவர் அரைக் கிலோ நாட்டுச் சர்க்கரை கேட்டார். அக்கா பொட்டலம் கட்டிக்கொண்டே, "எண்ணெய் எடுத்து வெக்கட்டுங்களா டீச்சர்?" என்றார். "வேண்டாங்க. அன்னைக்கு ரெண்டு எடுத்தனல்லங்க, ஒன்னு இன்னும் மூடி தெறக்கவே இல்ல." அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, நோட்டில் மட்டும் குறித்துக்கொண்டேன்.

அடுத்த மூன்று வாரம்

ஜூலை 28 இரவு கணக்கு முழுதாகக் கையில் வந்தது.

| வாரம் | வழக்கமான சராசரி | ஜூலை | வித்தியாசம் |
|---|---|---|---|
| 1–7 | 62 | 97 | +35 |
| 8–14 | 50 | 38 | −12 |
| 15–21 | 46 | 37 | −9 |
| 22–28 | 42 | 41 | −1 |
| மொத்தம் | 200 | 213 | +13 |

முதல் வாரத்தில் கூடிய 35-இல் 22 பாட்டில் அடுத்த வாரங்களில் குறைந்துவிட்டது. அவை 300 ரூபாய்க்கே போயிருக்க வேண்டியவை. உண்மையில் கூடியது 13 மட்டும். 62-இல் 13 என்றால் 21 சதவீதம், நெகிழ்ச்சி 2.1.

இங்கே அண்ணன் ஒரு நல்ல கேள்வி கேட்டார். "ஆடி பொறந்துருச்சல்லங்க தம்பி. ஆடி மாசத்துல யாவாரம் டல்லாத்தான இருக்கும்?" ஜூலை 17 ஆடி ஒன்று. அதனால் விற்பனை குறைந்திருந்தால் என் கணக்கு தவறாகப் போய்விடும். இதைச் சோதிக்க, தள்ளுபடி தொடாத இன்னொரு பொருள் வேண்டும். நல்லெண்ணெயை எடுக்கவில்லை, ஏனென்றால் அது வாங்குகிறவர் விலை குறைந்த கடலை எண்ணெய்க்கு மாறியிருக்கலாம். தேங்காய் எண்ணெயை எடுத்தேன். இந்தக் கடையில் அதைப் பெரும்பாலும் தலைக்குத் தேய்க்கத்தான் வாங்குகிறார்கள், கடலை எண்ணெய்க்கு மாற்றாக யாரும் எடுப்பதில்லை. கடைசி மூன்று வாரத்தில் தேங்காய் எண்ணெய் வழக்கமாக 70 பாட்டில் போகும், ஜூலையில் 71 போயிருந்தது. ஆடி இந்தக் கடையைப் படுக்கவைக்கவில்லை. தள்ளுபடி வாரத்திலும் தேங்காய் எண்ணெய் வழக்கமான 28-க்கு 29 தான். தள்ளுபடிக்கு வந்தவர்கள் மற்றதையும் அள்ளிக்கொண்டு போனார்கள் என்ற எண்ணத்துக்கும் இதில் ஆதரவு இல்லை.

இன்னொன்றை அக்காதான் கண்டுபிடித்தார். அரை லிட்டர் பாட்டில். முதல் வாரத்தில் வழக்கமாக 30 போகும், தள்ளுபடி வாரத்தில் 16 தான் போயிருக்கிறது. 270-க்கு ஒரு லிட்டர் கிடைக்கும்போது 155 கொடுத்து அரை லிட்டர் எடுக்க யாருக்கும் மனம் வராது. 14 அரை லிட்டர் என்றால் 7 லிட்டர். கூடியதாக நாம் நினைத்த 13 லிட்டரில் இந்த ஏழும் அடக்கம். அதையும் கழித்தால் மீதி 6 லிட்டர். நெகிழ்ச்சி கிட்டத்தட்ட 1.

இந்த முறை அடிப்படை எண்ணின் ஆட்டம் முடிவை மாற்றவில்லை. நான்கு மாதங்களின் மொத்த விற்பனை 194, 207, 198, 201. எந்த மாதத்தை அடிப்படையாக வைத்தாலும், அரை லிட்டரைக் கழிக்காமலேயே, நெகிழ்ச்சி 0.9-க்கும் 3.3-க்கும் இடையில்தான் நிற்கிறது. 6 எட்டாத தூரம். முதல் வாரத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாததை நான்கு வாரம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பணமாகப் பார்த்தால்

நெகிழ்ச்சி என்ற சொல்லை விட அண்ணனுக்குப் புரிந்தது இந்தக் கணக்குதான். 97 பாட்டிலுக்கும் தலா 30 ரூபாய் கையிலிருந்து கொடுத்தோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். 97 × 30 = 2,910. அதற்குப் பதிலாக நமக்குக் கூடுதலாகக் கிடைத்தது 13 பாட்டில், ஒவ்வொன்றிலும் 80, மொத்தம் 1,040. நிகர இழப்பு 1,870. அரை லிட்டரில் போன 14 × 42 = 588. ஃபிளெக்ஸ் 450. எல்லாம் சேர்த்து 2,908 ரூபாய்.

இப்படிப் பார்க்கும்போது இன்னொன்றும் புரியும். முன்கூட்டி வாங்கி வைத்த ஒவ்வொரு பாட்டிலும் இரண்டு விதத்தில் ஏமாற்றுகிறது. தள்ளுபடி வாரத்தில் அது புது விற்பனை மாதிரித் தெரிகிறது. உண்மையில் அது பின்னால் முழு விலைக்குப் போகவேண்டிய பாட்டில், அதில் 30 ரூபாயை நாமே விட்டுக்கொடுத்திருக்கிறோம். அதனால் சேர்த்துவைக்கக்கூடிய பொருளில் 6 என்ற கோடே கொஞ்சம் தாராளமானது. நிகர நெகிழ்ச்சி 6 வந்தால்கூட, முன்கூட்டி வாங்கினவர்களுக்குக் கொடுத்த தள்ளுபடி லாபத்தைத் தின்றுவிடும்.

அண்ணன் வெகுநேரம் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப வாரம் பூரா ஓடியோடி எடுத்துக் குடுத்ததுக்கு மூவாயிரம் கைவிட்டுப் போச்சுங்களா?" என்றார். எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது. அந்த வாரத்தில் அக்கா ஒருநாள்கூட மதியம் வீட்டுக்குப் போகவில்லை.

புது வாடிக்கையாளர்கள்

தள்ளுபடிக்கு நியாயமாகச் சேர வேண்டியதையும் சேர்த்தாக வேண்டும். புதுச் சரக்கு வந்தால் சொல்வதற்காகக் கடையில் பில்லிலேயே போன் எண் எழுதுவார்கள். தள்ளுபடி வாரத்தில் முன்பு எங்கும் இல்லாத 11 எண்கள் இருந்தன. அவர்கள் 13 பாட்டில் வாங்கியிருந்தார்கள். ஆகஸ்ட், செப்டம்பர் இரண்டு மாதமும் அந்த எண்களைத் தேடினேன். நான்கு பேர் 300 ரூபாய்க்கே திரும்ப வந்திருந்தார்கள். நால்வரும் சேர்ந்து 11 லிட்டர். லாபம் 880 ரூபாய்.

ஆக 2,908-இல் 880 திரும்பியிருக்கிறது. இந்த நால்வரும் இப்படியே வந்துகொண்டிருந்தால் அடுத்த ஆண்டு தொடக்கத்துக்குள் மீதியும் திரும்பக்கூடும். ஆனால் இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஜூன் மாதத்தில் எந்தத் தள்ளுபடியும் இல்லாமலேயே மூன்று புது எண்கள் வந்திருந்தன, ஆகவே நால்வரும் ஃபிளெக்ஸைப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று சொல்ல முடியாது. அப்புறம், 2024 செப்டம்பர் 14 முதல் பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு மத்திய அரசு இறக்குமதி வரியை உயர்த்தியது. மளிகைக் கடை எண்ணெயின் விலை ஏறியதும் மரச்செக்கு எண்ணெய் முன்பு போல அவ்வளவு விலையாகத் தெரியாது. செப்டம்பரில் திரும்பி வந்தவர்களில் அந்தக் காரணமும் கலந்திருக்கலாம். அதனால் 880 என்பதை மேல் எல்லையாகத்தான் வைத்துக்கொண்டேன்.

எடுத்த முடிவும் நடந்ததும்

ஆடிப் பதினெட்டுத் தள்ளுபடி கைவிடப்பட்டது. அதற்கு இரண்டு காரணம். முதலாவது மேலே சொன்ன கணக்கு. இரண்டாவது, ஆடிப்பெருக்கு ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருகிறது. சம்பள நாள், பண்டிகை, தள்ளுபடி மூன்றும் ஒன்றாக விழுந்தால் எது எதனால் விற்றது என்று பிரித்தே பார்க்க முடியாது.

ஆனால் புது ஆட்களை வரவைக்க வேண்டும் என்ற அண்ணனின் கவலை நியாயமானது. பக்கத்தில் பெரிய கடை வந்திருப்பதும் உண்மை. அதனால் வேறு வழியில் முயன்றோம். ஆகஸ்ட் 15 முதல் 21 வரை, போன் எண் பழைய பில்லில் இல்லாதவர்களுக்கு மட்டும், அரை லிட்டர் பாட்டில் 155-க்குப் பதில் 140, ஒருவருக்கு ஒன்று. ஃபிளெக்ஸ் இல்லை, கடை வாசலில் கையால் எழுதிய அட்டை. அரை லிட்டரைத் தேர்ந்தெடுத்தது, புதிதாக வருகிறவர் ருசி பார்க்க அது போதும், வீட்டில் சேர்த்துவைக்க அது உதவாது என்பதால். மாத நடுவாரத்தைத் தேர்ந்தெடுத்தது சம்பள நாளின் விற்பனை கலக்காமல் இருக்க.

ஒன்பது புது எண்கள் வந்தன. விட்டுக்கொடுத்தது 9 × 15 = 135 ரூபாய். பாட்டிலுக்கு இன்னும் 27 ரூபாய் லாபம் நின்றது. செப்டம்பர் முடிவுக்குள் மூன்று பேர் முழு விலைக்குத் திரும்ப வந்தார்கள். பழைய வாடிக்கையாளர் ஒருவர் "எங்களுக்கு மட்டும் கெடையாதுங்களா?" என்று கேட்டது அக்காவுக்குச் சங்கடமாகிவிட்டது. அவருக்கு நூறு கிராம் எள்ளுருண்டைப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்துச் சமாளித்தார். அதை நாங்கள் முன்பே யோசித்திருக்க வேண்டும்.

மறுபடி செய்வதாக இருந்தால்

எண்ணெய்க்கு நேரடி விலைக் குறைப்பே செய்துதான் ஆக வேண்டும் என்றால், ஒரு பில்லுக்கு ஒரு பாட்டில் என்று முதலிலேயே கட்டுப்படுத்தியிருப்பேன். அது ஒன்றே 22 பாட்டிலின் பெரும்பகுதியைத் தடுத்திருக்கும். மாதத்தின் மூன்றாம் வாரத்தில் வைத்திருப்பேன். தள்ளுபடி தொடங்கும் முன்பே, எத்தனை பாட்டில் விற்றால் கட்டும் என்று எழுதிக் கல்லாவில் ஒட்டியிருப்பேன். முதல் வாரத்துக்கு அது 62 × 1.6, ஏறக்குறைய 100. அந்த எண் கண்ணெதிரே இருந்திருந்தால் 97 விற்ற இரவே அண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

பிறகு எத்தனை நாள் பார்ப்பது என்பதை வீட்டில் பொருள் தீரும் காலத்தை வைத்து முடிவு செய்திருப்பேன். இரண்டு பாட்டில் எடுத்தவருக்கு ஆறு வாரம். நான் நான்கு வாரத்தோடு நிறுத்திக்கொண்டேன். கடைசி வாரம் 41-க்கு வந்து வழக்கத்தைத் தொட்டுவிட்டதால் பெரிய பிழை இருக்காது என்று நினைக்கிறேன், ஆனாலும் ஆகஸ்ட் முதல் இரண்டு வாரத்தையும் சேர்த்துப் பார்த்திருக்க வேண்டும். அதை ஆடிப்பெருக்கு கலைத்துவிட்டது.

அக்டோபரில் அண்ணன் வேறொரு கேள்வியோடு வந்தார். "நெகிழ்ச்சி ஒன்னுதானுங்களே தம்பி, அப்ப பத்து ரூபா ஏத்திப் பாக்கலாமுங்களா?" 310-க்கு விற்றால் பாட்டிலுக்கு 90 நிற்கும். மாதம் 200-இல் 22 லிட்டர் வரை குறைந்தாலும் லாபம் பழைய அளவில் நிற்கும். கணக்கு ஆசை காட்டுகிறது. ஆனால் எங்களிடம் இருக்கும் எண் ஒரு வாரத் தள்ளுபடியில், 10 சதவீத இறக்கத்தில் எடுத்தது. விலை நிரந்தரமாக ஏறும்போது பழைய வாடிக்கையாளர் என்ன செய்வார் என்பதை அது சொல்லாது. தள்ளுபடியைத் தவறவிட்டவர் அடுத்த மாதம் வருவார். விலை ஏறியதால் வேறு கடைக்குப் போனவர் அங்கேயே தங்கிவிடலாம். தீபாவளி அக்டோபர் 31. அந்த நெரிசலில் எதையும் அளக்க வேண்டாம் என்று இருவரும் முடிவு செய்தோம். ஜனவரி முதல், பொங்கல் வாரத்தைத் தவிர்த்து, இருப்பு நோட்டில் வாராவாரம் கடலை எண்ணெய்க்குப் பக்கத்திலேயே தேங்காய் எண்ணெய்க்கும் அரை லிட்டருக்கும் தனித்தனிக் கட்டம் போட அக்கா ஒப்புக்கொண்டிருக்கிறார்.